எஃப்5 படிவத்தில் 642,000, வங்கி வரவில் 732,360: கடன் அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது?

தேக்கா மளிகை (8 பிப்ரவரி 2025, இரவு 10:40)

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் எங்களுக்கு மளிகைக் கடை, பிரைவேட் லிமிடெட். கடையில் சில்லறை விற்பனையும் உண்டு, பதினைந்து சாப்பாட்டுக் கடைகளுக்குக் கடனில் சரக்கும் போடுகிறோம். 120,000 வெள்ளி நடைமுறை மூலதனக் கடனுக்கு ஒரு வங்கியில் விண்ணப்பித்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாத வங்கி அறிக்கையும், அதே காலத்துக்கான இரண்டு காலாண்டு ஜிஎஸ்டி எஃப்5 படிவங்களும் கேட்டார்கள், கொடுத்தேன்.

நேற்று அந்த அதிகாரி மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டு எஃப்5-இலும் சேர்த்து விற்பனை 642,000 (ஜூலை–செப்டம்பர் 280,000, தீபாவளிக் காலாண்டில் 362,000). வங்கிக் கணக்கில் வந்த வரவு மொத்தம் 732,360. வித்தியாசம் 90,360 வெள்ளிக்கு விளக்கம் கொடுங்கள் என்கிறார். விற்பனையைக் குறைத்துக் காட்டியிருக்கிறேன் என்று நினைக்கிறாரோ என்று பயமாக இருக்கிறது. நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

சிராங்கூன் துணிக்கடை (8 பிப்ரவரி, இரவு 11:15)

தம்பி, பயப்படாதீர்கள். எஃப்5-இல் போடுவது வரி சேராத தொகை. வாடிக்கையாளர் கட்டுவது வரியோடு சேர்ந்த தொகை. வரி 9 விழுக்காடு, அதனால் 642,000-ஐ 1.09-ஆல் பெருக்குங்கள், 699,780 வரும். வித்தியாசத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே போய்விட்டது. மீதி 32 ஆயிரம் ஏதோ அங்கே இங்கே மாற்றிய பணமாக இருக்கும். இதை எழுதிக் கொடுத்தால் போதும். நான் 2023-இல் அப்படித்தான் கொடுத்தேன்.

ஈசூன் கணக்கர் (9 பிப்ரவரி, காலை 7:20)

அண்ணன் சொன்னதில் முதல் படி சரி. ஆனால் அதோடு நிற்கக்கூடாது.

முதலில், 1.09 பெருக்குவது எஃப்5-இல் வரியோடு விற்கும் சரக்குக்கான பாக்ஸ் 1-க்கு மட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்கு பாக்ஸ் 2, அதற்கு வரி பூஜ்யம், வாங்குபவர் கட்டுவது அதே தொகைதான். வரிவிலக்குள்ளவை பாக்ஸ் 3. தம்பிக்கு எல்லாமே பாக்ஸ் 1 என்றால் 699,780 சரி.

அடுத்தது இன்னும் முக்கியம். இந்த 32,580 மீதி ஒரே திசையில் இருக்கும் ஒரே பொருள் இல்லை. வங்கி வரவைக் கூட்டுகிற காரணங்களும் இருக்கும், குறைக்கிற காரணங்களும் இருக்கும். அவை ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். மீதி சிறியதாக இருப்பதால் பிரச்சினை சிறியது என்று சொல்லிவிட முடியாது. 50 ஆயிரம் ஒரு பக்கமும் 20 ஆயிரம் மறுபக்கமும் இருந்து, கடைசியில் 30 ஆயிரம் மட்டும் கண்ணுக்குத் தெரியலாம்.

தம்பி, எஃப்5-இலிருந்து தொடங்காதீர்கள். வங்கி அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். ஆறு மாதத்து வரவு வரிகளை எக்செலில் போட்டு, பக்கத்தில் ஒரு பத்தி வைத்து ஒவ்வொன்றும் விற்பனையா, இல்லையா என்று குறியுங்கள். நெட்ஸ், பேநவ் வரவுகள் தினமும் வரும், அவற்றை மொத்தமாகக் குறித்துவிடலாம். 2,000 வெள்ளிக்கு மேல் தனியாக வந்த ஒவ்வொரு வரியையும் மட்டும் கையால் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பூக்கடை மீனா (9 பிப்ரவரி, காலை 9:05)

என் கடைக்கு ஜிஎஸ்டி பதிவே இல்லை, விற்பனை அவ்வளவு கிடையாது. அப்படியானால் வங்கி எனக்குக் கடன் தராதா? எஃப்5 எடுக்க இப்போதே பதிவு செய்துகொள்ள வேண்டுமா?

ஈசூன் கணக்கர் (9 பிப்ரவரி, காலை 9:30)

மீனா, வேண்டாம். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். உங்களிடம் வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பையும் கணக்கையும் வங்கி அறிக்கையோடு வைத்துப் பார்ப்பார்கள். இங்கே பேசுவது எஃப்5 கொடுத்தவர்களின் கதை. உங்களுக்குத் தனி இழை போடுங்கள், நான் வந்து எழுதுகிறேன்.

முன்னாள் கடன் பிரிவு (9 பிப்ரவரி, மதியம் 1:10)

நான் பதினோரு ஆண்டு சிறுதொழில் கடன் பிரிவில் இருந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

அதிகாரி உங்களைத் திருடன் என்று சொல்லவில்லை. அவர் மேலதிகாரிக்கு எழுதும் குறிப்பில் மாத விற்பனை என்று ஒரு எண் போட வேண்டும், எந்த எண்ணை நம்புவது என்பதுதான் அவர் கேள்வி. வரவு கூடுதலாக இருந்தால், ஒன்று விற்பனையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது விற்பனை அல்லாத பணம் உள்ளே வந்திருக்கிறது. இரண்டாவது வகையில் அவர் தேடுவது கடன் வாங்கிய பணத்தைத்தான். வரவு குறைவாக இருந்தால் எஃப்5 ஊதிக் காட்டியதா, அல்லது வேறு வங்கியில் சொல்லாத கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்.

நாங்களே சில வரிகளை அடித்துவிட்டுத்தான் கூட்டுவோம்: சொந்தக் கணக்கிலிருந்து வந்த மாற்றம், இயக்குநர் போட்ட பணம், திரும்பி வந்த காசோலை. ஆனால் அறிக்கையில் விவரம் தெளிவாக இல்லாதவற்றை அடிக்க முடியாது. அதைத்தான் உங்களிடம் கேட்கிறார்.

ஜூரோங் கேட்டரிங் (9 பிப்ரவரி, மாலை 6:45)

எனக்கு இந்தத் தொல்லையே வந்ததில்லை. மூன்று காலாண்டாக என் எஃப்5-உம் வங்கி வரவும் ஒரு வெள்ளி பிசகாமல் ஒத்துப்போகிறது. வங்கி அறிக்கையில் வரவைக் கூட்டி 1.09-ஆல் வகுத்து அதையே பாக்ஸ் 1-இல் போட்டுவிடுவேன். தம்பியும் இனிமேல் அப்படிச் செய்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஈசூன் கணக்கர் (9 பிப்ரவரி, இரவு 8:10)

கேட்டரிங் அண்ணே, தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இது ஒத்துப்போவது இல்லை, ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதுவது.

நீங்கள் ரொக்கமாக வாங்கும் பணத்தில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி வாங்குகிறீர்களா? பகுதிநேர ஆட்களுக்கு அன்றைய கூலி கொடுக்கிறீர்களா? அந்தப் பணம் வங்கிக்கே போகவில்லை, ஆனால் விற்பனை நடந்தது. உங்கள் முறையில் அந்த விற்பனை எஃப்5-இல் வராது, வரியும் கட்டியிருக்க மாட்டீர்கள். பில் போட்டு இன்னும் பணம் வராத விருந்துகளும் விடுபடும். ரொக்க அடிப்படைத் திட்டத்துக்கு வரித்துறையான ஐராஸிடம் அனுமதி வாங்கியவர்களைத் தவிர, மற்றவர்களுக்கு பில் போட்ட நாள், பணம் வந்த நாள், இதில் எது முந்தியதோ அதுதான் கணக்கு.

நெட்ஸ், கார்டு நிறுவனங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் உங்களுக்கு அனுப்புகின்றன. அந்தக் கட்டணமும் உங்கள் விற்பனையில் விட்டுப்போகிறது.

முன்னாள் கடன் பிரிவு (9 பிப்ரவரி, இரவு 8:40)

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கடன் வியாபாரமும் ரொக்க வியாபாரமும் உள்ள ஒரு கடையில் இரண்டு எண்ணும் வெள்ளி பிசகாமல் ஒத்துப்போனால், எனக்கு அதுதான் முதலில் உறுத்தும். உண்மையான கணக்கில் ஒரு இடைவெளி இருக்கும், அதற்கு ஒரு காரணமும் இருக்கும்.

ஜூரோங் கேட்டரிங் (9 பிப்ரவரி, இரவு 9:20)

ரொக்கத்தில் காய்கறி வாங்குவது உண்மைதான். வாரத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் இருக்கும். இத்தனை நாள் நான் சரியாகச் செய்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இதை இப்போது எப்படித் திருத்துவது?

ஈசூன் கணக்கர் (9 பிப்ரவரி, இரவு 9:50)

அந்த அளவு என்றால் எஃப்7 என்ற திருத்தப் படிவம் போட வேண்டியிருக்கும். ஐராஸ் கேட்பதற்கு முன் தானாகப் போய்ச் சொன்னால் நல்லது. படிவம் தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தானாகச் சொல்லும் நேர்மையான தவறுகளுக்கு அபராதம் இல்லாமல் விடுவார்கள். கல்லாப்பெட்டியின் தினசரி மொத்தச் சீட்டும் பில் புத்தகமும் வைத்திருக்கிறீர்களா? அதிலிருந்துதான் விற்பனையைக் கட்ட வேண்டும். தனியாக எழுதுங்கள்.

தேக்கா மளிகை (10 பிப்ரவரி, இரவு 11:55)

அக்கா, சார், உட்கார்ந்து பார்த்துவிட்டேன். கிடைத்தவை இவை.

சேமிப்புக் கணக்கிலிருந்து நடப்புக் கணக்குக்கு நானே 15,000 வீதம் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன், தீபாவளிச் சரக்கு எடுப்பதற்காக. செப்டம்பரில் என் மச்சான் 20,000 கடனாகக் கொடுத்தார். ஒரு பருப்பு இறக்குமதியாளர் கெட்டுப்போன மூட்டைகளுக்காக 2,400 திருப்பிக் கொடுத்தார். ஆக 52,400 விற்பனை அல்ல. மொத்த வரவில் கழித்தால் 679,960.

ஆனால் இப்போது வேறு குழப்பம். விற்பனை வரியோடு 699,780 இருக்க வேண்டும், வந்தது 679,960. இப்போது வரவு கிட்டத்தட்ட 20 ஆயிரம் குறைகிறது!

சிராங்கூன் துணிக்கடை (11 பிப்ரவரி, காலை 8:00)

தம்பி, மச்சான் கொடுத்ததைச் சொல்ல வேண்டுமா? அதை விற்பனை வரவிலேயே விட்டுவிட்டால் இரண்டு எண்ணும் சரியாகப் பொருந்திவிடுகிறதே. 679,960-உம் 20,000-உம் கூட்டினால் 699,960. 180 வெள்ளிதான் வித்தியாசம்.

முன்னாள் கடன் பிரிவு (11 பிப்ரவரி, காலை 8:25)

அண்ணே, அப்படிச் செய்யவே கூடாது. ஒரு தனிநபர் பெயரில் முழு எண்ணாக 20,000 வந்த வரி அறிக்கையில் அப்படியே நிற்கிறது. அதைப் பார்க்காமல் எந்த அதிகாரியும் தாண்ட மாட்டார். கடனை விற்பனை என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்யான தகவல். விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும்.

ஈசூன் கணக்கர் (11 பிப்ரவரி, காலை 9:10)

துணிக்கடை அண்ணே, எண் பொருந்துவது தற்செயல். முந்தாநாள் நான் சொன்ன மறைப்பு இதுதான்.

தம்பி, இப்போதுதான் வேலை சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. குறைவதற்கு மூன்று காரணங்களைத் தேடுங்கள். ஜூன் 30 அன்று சாப்பாட்டுக் கடைகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி எவ்வளவு, டிசம்பர் 31 அன்று எவ்வளவு? பாக்கி கூடியிருந்தால் அந்தக் கூடுதல் இன்னும் வங்கிக்கு வராத விற்பனை. கல்லாவிலிருந்து வங்கிக்குப் போகாமல் செலவான ரொக்கம் எவ்வளவு? நெட்ஸும் கார்டும் பிடித்த கட்டணம் எவ்வளவு?

பாக்கிப் பட்டியலில் ஒரு கவனம். மென்பொருளில் சும்மா அச்சிட்டால் இன்றைய பாக்கியைத்தான் தரும், ஜனவரியில் பணம் கொடுத்தவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். தேதி கேட்கும் இடத்தில் 31 டிசம்பர் என்று போட்டு எடுங்கள். பாதிப் பேர் தவறுவது இங்கேதான். பாக்கித் தொகை வரியோடு சேர்ந்தது, அதை மறுபடி 1.09-ஆல் பெருக்க வேண்டாம்.

தேக்கா மளிகை (12 பிப்ரவரி, இரவு 10:30)

அக்கா சொன்னபடி தேதி போட்டு எடுத்தேன். முதலில் இன்றைய பட்டியலைத்தான் எடுத்து வைத்திருந்தேன், அதில் பாக்கி குறைந்திருப்பதாகக் காட்டியது.

பாக்கி ஜூன் 30 அன்று 41,000, டிசம்பர் 31 அன்று 58,300. கூடியது 17,300. கல்லாவிலிருந்து நேராகச் செலவான ரொக்கம் 14,200. அப்பா ஒரு நீளமான நோட்டில் எழுதி வைப்பார், மஞ்சள்தூள் பட்டு ஓரமெல்லாம் மஞ்சளாக இருக்கிறது. தேதி, யாருக்கு, எவ்வளவு என்று மூன்றே பத்தி. தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் மட்டும் பக்கம் காலி, அப்போது யாருக்கும் எழுத நேரமில்லை. கட்டணம் 1,880.

மூன்றையும் 699,780-இல் கழித்தால் 666,400. வங்கிக்கு இவ்வளவு விற்பனைப் பணம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது 679,960. இப்போது 13,560 அதிகம்! அக்கா, இது முடியவே முடியாதா?

ஈசூன் கணக்கர் (12 பிப்ரவரி, இரவு 11:00)

முடியும் தம்பி, கிட்ட வந்துவிட்டீர்கள். இரண்டு இடத்தைப் பாருங்கள். காசோலை ஏதாவது திரும்பி வந்து மறுபடி போட்டீர்களா? அப்படியானால் ஒரே பணம் இரண்டு முறை வரவாகத் தெரியும், திரும்பியது பற்றுப் பக்கத்தில் இருக்கும். வரவை மட்டும் கூட்டினால் அது கண்ணில் படாது. அப்புறம் டிசம்பர் கடைசி வாரம். பில் போடுவதற்கு முன்பே யாராவது முன்பணம் கொடுத்தார்களா?

தேக்கா மளிகை (13 பிப்ரவரி, காலை 6:50)

இரண்டுமே இருக்கிறது!

ஒரு சாப்பாட்டுக் கடையின் காசோலை 3,980. செப்டம்பர் 9 போட்டது, 11 அன்று திரும்பியது, 18 அன்று மறுபடி போட்டோம்.

டிசம்பர் 27 அன்று ஒரு கேட்டரிங் வாடிக்கையாளர் பொங்கல் சரக்குக்காக, அரிசி, வெல்லம், நெய், முந்திரி எல்லாவற்றுக்கும் முழுப் பணமும் 8,720 பேநவ்வில் போட்டுவிட்டார். பில் ஜனவரி 10 அன்றுதான் போட்டேன், சரக்கும் அன்றுதான் போனது.

இரண்டும் சேர்த்து 12,700. இன்னும் 860 மிச்சம்.

ஈசூன் கணக்கர் (13 பிப்ரவரி, காலை 8:15)

அந்த 8,720-ஐ நன்றாகப் பாருங்கள். இது வங்கிக்கான விளக்கம் மட்டும் இல்லை, உங்கள் எஃப்5-இல் உள்ள உண்மையான தவறு. பணம் பில்லுக்கு முன் வந்துவிட்டதால் அந்த விற்பனை டிசம்பர் 27 அன்றே கணக்கில் ஏற வேண்டியது. 8,720-இல் 8,000 விற்பனை, 720 வரி. அக்டோபர்–டிசம்பர் படிவத்தில் இது விடுபட்டிருக்கிறது. சரக்குக்குப் பதிலாக வந்த முன்பணத்துக்குத்தான் இது. திருப்பித் தர வேண்டிய பிணைத்தொகை என்றால் கதை வேறு.

பெரிய தவறு இல்லை. வரி வித்தியாசம் மொத்தம் 3,000 வெள்ளிக்குள்ளும், மற்றத் தொகை அந்தப் படிவத்தின் மொத்த விற்பனையில் 5 விழுக்காட்டுக்குள்ளும் இருந்தால் அடுத்த எஃப்5-இலேயே சரிசெய்யலாம், எஃப்7 தேவையில்லை. உங்களுக்கு 362,000-இல் 8,000, இரண்டேகால் விழுக்காடுகூட இல்லை. ஜனவரி–மார்ச் படிவத்தில் ஜனவரி 10 பில்லோடு அது ஏறிவிடும், ஆனால் முந்தைய காலாண்டின் திருத்தம் என்று உங்கள் கோப்பில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

சிராங்கூன் துணிக்கடை (13 பிப்ரவரி, காலை 10:00)

முன்பணத்துக்கு வரி உண்டு என்பது எனக்கும் புதிது. தீபாவளிக்கு முன் புடவைக்கு முன்பணம் நிறைய வாங்குவேன். அது செப்டம்பரில் வந்து பில் அக்டோபரில் போடுவது வழக்கம். பார்க்க வேண்டும்.

தம்பி, அந்த 860-ஐ அப்பா நோட்டில் காலியாக இருக்கும் பக்கத்தில் சரிக்கட்டிவிடலாமே. சின்னத் தொகைதானே.

ஈசூன் கணக்கர் (13 பிப்ரவரி, காலை 10:20)

சரிக்கட்ட வேண்டாம் அண்ணே. கணக்கிலும் அது உதவாது. அந்தப் பத்து நாளில் இன்னும் ரொக்கச் செலவு இருந்திருந்தால் வங்கிக்கு வர வேண்டியது இன்னும் குறையும், 860 இன்னும் பெரிதாகும். விவரம் கிடைக்காதது 860 என்று அப்படியே எழுதுங்கள். ஏழு லட்சத்தில் அது ஒன்றுமில்லை. அதை மறைக்க நோட்டில் ஒரு வரி புதிதாக எழுதினால் அந்த நோட்டு முழுவதும் நம்பிக்கை இழந்துவிடும்.

தம்பி, ஒரு பக்கத்தில் இப்படிக் கொடுங்கள்:

எஃப்5 பாக்ஸ் 1, இரண்டு காலாண்டு: 642,000
வரி 9%: 57,780
கழிக்க, பாக்கி கூடியது: 17,300
கழிக்க, ரொக்கமாகச் செலவானது: 14,200
கழிக்க, நெட்ஸ், கார்டு கட்டணம்: 1,880
கூட்ட, டிசம்பர் 27 முன்பணம்: 8,720
கூட்ட, திரும்பிய காசோலை, இரண்டாம் முறை: 3,980
கூட்ட, விற்பனை அல்லாத வரவு: 52,400
விவரம் கிடைக்காதது: 860
வங்கி வரவு: 732,360

ஒவ்வொரு வரிக்கும் வங்கி அறிக்கையின் பக்க எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு தேதிக்கான பாக்கிப் பட்டியலையும் நோட்டின் நகலையும் இணையுங்கள். காலியான பத்து நாளைப் பற்றி நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

முன்னாள் கடன் பிரிவு (13 பிப்ரவரி, மதியம் 12:30)

இந்தப் பக்கம் என் மேசைக்கு வந்திருந்தால் நான் விற்பனை எண்ணாக எஃப்5-ஐயே எடுத்திருப்பேன். ஆனால் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன், தயாராக இருங்கள்.

மச்சான் கொடுத்த 20,000-க்குக் கடிதம் இருக்கிறதா, எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்? வங்கிக் கடன் வந்ததும் அதை வைத்து அவருக்குக் கொடுப்பதாக இருந்தால் அது நடைமுறை மூலதனம் இல்லை.

இரண்டாவது, பாக்கி 41,000-இலிருந்து 58,300 ஆனது. தீபாவளி விற்பனையால் கூடியதா, அல்லது ஏதோ ஒரு கடை கொடுக்காமல் இழுக்கிறதா? அந்தக் காசோலை திரும்பிய கடையின் பாக்கி இப்போது எவ்வளவு? என்னைக் கேட்டால் 90,360-ஐவிட இதுதான் முக்கியமான கேள்வி.

தேக்கா மளிகை (13 பிப்ரவரி, இரவு 11:40)

சார், அந்தக் கடையின் பாக்கி மட்டும் 11,400. பாதிக்கு மேல் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது. நீங்கள் கேட்ட பிறகுதான் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். நாளை காலை அப்பாவோடு நேரில் போகிறேன்.

மச்சானுக்கு ஆண்டு இறுதியில்தான் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு, ஆனால் எழுத்தில் இல்லை. பேசிய தேதியைப் போட்டு இப்போது எழுதலாமா, இன்றைய தேதிதான் போட வேண்டுமா?

முன்னாள் கடன் பிரிவு (14 பிப்ரவரி, காலை 7:05)

இன்றைய தேதி. செப்டம்பரில் வாய்ப்பேச்சாகக் கொடுத்தது, இன்று உறுதிசெய்கிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வங்கி ஏற்குமா என்பது அந்த அதிகாரியைப் பொறுத்தது. சிலர் வங்கிக் கடன் முடியும் வரை மச்சானுக்குக் கொடுக்க மாட்டோம் என்று எழுதித் தரச் சொல்வார்கள். மச்சானிடம் அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தேக்கா மளிகை (19 பிப்ரவரி, இரவு 9:15)

பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். 860 பற்றி அதிகாரி ஒன்றுமே கேட்கவில்லை. மச்சான் கடிதத்தையும் அந்தப் பாக்கிக் கடையையும்தான் கேட்டார். அந்தக் கடைக்காரர் 3,000 கொடுத்தார், மீதியை மாதம் 1,400 வீதம் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கடன் இன்னும் முடிவாகவில்லை, 80,000-க்கு வேண்டுமானால் பார்க்கலாம் என்கிறார்கள்.

அப்பா நோட்டில் இன்று முதல் நான்காவது பத்தி போட்டிருக்கிறார், ரசீது உண்டா இல்லையா என்று குறிக்க.